ஸ்டீம் டெக்கில் அந்த விளையாட்டு ஓடுமா? வாங்கும் முன் சரிபார்ப்பது எப்படி?

ஸ்டீம் டெக் என்பது கையில் பிடித்து விளையாடக்கூடிய சிறிய கணினி. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் அதனை 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. பார்ப்பதற்கு நின்டெண்டோ சுவிட்ச் போல இருந்தாலும் அதற்கென்று தனியாக விளையாட்டுகள் தயாரிக்கப்படுவதில்லை. வீட்டுக் கணினிக்காக ஸ்டீம் கடையில் விற்கப்படும் அதே விளையாட்டுகளைத்தான் அதிலும் விளையாட வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கடையில் உள்ள விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸ் கணினிக்காக எழுதப்பட்டவை. ஸ்டீம் டெக்கிலோ விண்டோஸ் கிடையாது. லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் ஓஎஸ் என்ற இயங்குதளம்தான் அதில் உள்ளது. ஆகவே, ஒரு விளையாட்டு கடையில் கிடைக்கிறது என்பதாலேயே அது டெக்கில் ஓடும் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகவோ தனக்காகவோ ஒரு விளையாட்டை வாங்குபவர், பணம் கட்டும் முன் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் இதைப் பெரும்பாலும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டை லினக்ஸில் ஓட வைப்பது புரோட்டான் என்ற மென்பொருள். வால்வ் அதனை 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. 1993 முதல் வளர்ந்து வரும் வைன் என்ற பழைய திட்டமே அதற்கு அடித்தளம்.

புரோட்டான் செய்யும் வேலையை மொழிபெயர்ப்பாளரின் வேலையோடு ஒப்பிடலாம். "இந்தக் கோப்பைத் திற", "இந்த ஒலியை எழுப்பு" என்று விளையாட்டு விண்டோஸிடம் கேட்கும். அந்தக் கேள்விகளைப் புரோட்டான் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் விதத்தில் மாற்றிக் கொடுக்கிறது. திரையில் படம் வரையும் கட்டளைகளும் அப்படியே. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கட்டளைகள் வல்கன் என்ற வேறொரு முறைக்கு மாற்றப்பட்டு, படம் வரையும் சில்லுக்குச் செல்கின்றன.

இந்த மொழிபெயர்ப்பு இன்று மிகவும் முன்னேறிவிட்டது. தனியாக விளையாடும் கதை விளையாட்டுகளில் பெரும்பாலானவை எந்த மாற்றமும் செய்யாமல் ஓடுகின்றன. ஓடாமல் போகும்போது, பல வேளைகளில் காரணம் விளையாட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் வேறொன்றாக இருக்கிறது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், தனி நுழைவுச் செயலி, காணொளிக் கோப்பின் வகை, எழுத்தின் அளவு போன்றவை அவை. எனவே சரிபார்க்கும்போதும் பார்வை அவற்றின் மேல்தான் இருக்க வேண்டும்.

முதல் படி: ஸ்டீம் தரும் அடையாளம்

ஸ்டீம் கடையில் ஒரு விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால், அதில் `Steam Deck Compatibility` என்ற பகுதி இருக்கும். வால்வ் நிறுவனம் அந்த விளையாட்டைச் சோதித்துக் கொடுத்த முடிவு அது. நான்கு வகை உண்டு.

`Verified` என்று பச்சைக் குறியோடு இருந்தால், அமைப்புகளில் கை வைக்காமலேயே விளையாடலாம். `Playable` என்று மஞ்சளில் இருந்தால் ஓடும், ஆனால் ஏதோ ஒரு சிறிய வேலையை விளையாடுபவர் செய்ய வேண்டியிருக்கும். `Unsupported` என்றால் வால்வின் சோதனையில் சரிவர ஓடவில்லை. `Unknown` என்றால் இன்னும் சோதிக்கவில்லை. ஓடாது என்று பொருளல்ல.

பலர் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பயனுள்ள தகவல் அதன் உள்ளே இருக்கிறது. `Learn More` என்பதை அழுத்தினால், எதனால் அந்த முடிவு என்று வரிவரியாகக் காட்டும். வால்வ் நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: பொத்தான்களாலேயே முழுவதும் விளையாட முடிகிறதா, திரையில் எழுத்து படிக்கும்படி உள்ளதா, இடையில் எச்சரிக்கையோ தடங்கலோ வருகிறதா, புரோட்டானில் எல்லாப் பகுதிகளும் வேலை செய்கின்றனவா.

இந்த நான்கில் எது தவறியது என்பதைப் பொறுத்தே முடிவு எடுக்க வேண்டும். எழுத்து சிறியதாக உள்ளது என்பதற்காக மஞ்சள் வாங்கிய விளையாட்டு, நல்ல கண்பார்வை உள்ள இளைஞருக்குப் பிரச்சினையில்லை. மூக்குக்கண்ணாடி போடும் பெரியவருக்கு அது விளையாடவே முடியாத விளையாட்டு. பெயர் தட்டச்சு செய்யும் இடத்தில் விசைப்பலகை தானாக வரவில்லை என்பதும் மஞ்சளுக்குக் காரணமாகலாம். `STEAM` பொத்தானையும் `X` பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் விசைப்பலகை வந்துவிடும். அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாவது படி: விளையாடியவர்கள் சொல்வது

வால்வ் ஒரு விளையாட்டைச் சோதித்த பிறகு, அந்த விளையாட்டுக்குப் பத்துப் புதுப்பிப்புகள் வந்திருக்கலாம். எனவே அண்மையில் விளையாடியவர்கள் சொல்வதையும் பார்க்க வேண்டும். அதற்கு உதவுவது `protondb.com` என்ற தளம். லினக்ஸில் விளையாடுபவர்கள் தங்கள் அனுபவத்தை அங்கே பதிவு செய்கிறார்கள்.

விளையாட்டின் பெயரைத் தட்டித் தேடலாம். ஆனால் ஒரே பெயரில் பல பதிப்புகள் இருக்கும்போது தவறான பக்கத்துக்குப் போய்விட வாய்ப்புண்டு. ஸ்டீம் கடையின் முகவரியில் `app` என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பயன்படுத்துவதே பாதுகாப்பான வழி. அந்த எண் 271590 என்றால், முகவரி இப்படி அமையும்:

```
protondb.com/app/271590
```

அங்கு ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பதக்கம் கொடுக்கப்பட்டிருக்கும். `Platinum` என்றால் எடுத்தவுடன் நன்றாக ஓடுகிறது. `Gold` என்றால் சிறு மாற்றம் செய்த பிறகு நன்றாக ஓடுகிறது. `Silver` என்றால் சிறு குறைகளோடு விளையாடலாம். `Bronze` என்றால் தொடங்கும், ஆனால் அடிக்கடி நின்றுபோகும். `Borked` என்றால் தொடங்காது, அல்லது தொடங்கினாலும் விளையாட முடியாது.

பதக்கம் ஒரு சராசரி மட்டுமே. கீழே உள்ள பதிவுகளைப் படிப்பதுதான் முக்கியம். அவற்றில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பதிவின் தேதி. இரண்டு ஆண்டுக்கு முன் எழுதியதைவிடக் கடந்த இரண்டு மாதங்களில் எழுதியதற்கு மதிப்பு அதிகம். இரண்டாவது, எழுதியவர் பயன்படுத்திய கருவி. சக்திவாய்ந்த மேசைக் கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர் "அருமையாக ஓடுகிறது" என்று எழுதியிருந்தால், அது புரோட்டானைப் பற்றிச் சொல்கிறதே தவிர டெக்கின் வேகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. டெக் பயனர்களின் பதிவுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி அத்தளத்தில் உண்டு. மூன்றாவது, எழுதியவர் எந்தப் பகுதியை விளையாடினார் என்பது. தனியாகக் கதையை விளையாடியவரின் பாராட்டு, நண்பர்களோடு இணையத்தில் விளையாட நினைப்பவருக்கு உதவாது.

மூன்றாவது படி: ஏமாற்றுத் தடுப்பு

இணையத்தில் பலர் சேர்ந்து மோதும் விளையாட்டுகளில், யாரும் குறுக்கு வழியில் வெல்லாமல் இருக்க ஒரு காவல் மென்பொருள் இருக்கும். இதைத்தான் ஏமாற்றுத் தடுப்பு என்கிறோம். டெக்கில் விளையாட்டுகள் பெரும்பாலும் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அதற்குக் காரணம் உண்டு. இத்தகைய காவல் மென்பொருள்களில் சில, விண்டோஸின் கெர்னல் எனப்படும் அடிமட்டத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. புரோட்டான் மொழிபெயர்ப்பது விளையாட்டு கேட்கும் சாதாரணக் கேள்விகளை மட்டுமே. விண்டோஸின் அடிமட்டம் என்ற ஒன்று டெக்கில் இல்லவே இல்லை. உட்கார நாற்காலி இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வந்த கதைதான். ரயட் நிறுவனத்தின் `VALORANT` விளையாட்டு டெக்கில் ஓடாததற்கு அதன் வேன்கார்ட் காவல் மென்பொருளே காரணம்.

ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டும் பரவலாகப் பயன்படுபவை. 2021 செப்டம்பரில் இவ்விரண்டும் புரோட்டானுக்கு வழிவிடுவதாக அறிவித்தன. ஆனால் அந்த வழியைத் திறப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு விளையாட்டு நிறுவனமும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் ஒரே காவல் மென்பொருளைப் பயன்படுத்தும் இரண்டு விளையாட்டுகளில் ஒன்று ஓடுகிறது, மற்றொன்று ஓடுவதில்லை. "அதில் ஓடுகிறதே, இதிலும் ஓடும்" என்று கணக்குப் போட முடியாது.

திறந்த கதவு மீண்டும் மூடப்படுவதும் உண்டு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டு பல மாதங்கள் டெக்கில் நன்றாக ஓடியது. 2024 அக்டோபர் இறுதியில், ஏமாற்றுவோர் லினக்ஸைப் பயன்படுத்துகிறார்கள் என்ற காரணத்தைக் கூறி, இஏ நிறுவனம் லினக்ஸ் பயனர்கள் அனைவருக்கும் அதனை நிறுத்தியது.

எந்த விளையாட்டின் நிலை என்ன என்பதை `areweanticheatyet.com` என்ற தளம் தொகுத்து வைத்துள்ளது. அதில் `Supported` என்றிருந்தால் நிறுவனமே அனுமதித்துள்ளது. `Running` என்றால் அதிகாரபூர்வ உறுதி இல்லாவிட்டாலும் ஓடுகிறது. `Broken` என்றால் இப்போது ஓடவில்லை. `Denied` என்றால் நிறுவனம் மறுத்துவிட்டது, காத்திருந்து பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: ஜிடிஏ 5

மூன்று படிகளும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதை கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 விளையாட்டை வைத்துப் பார்க்கலாம். இது பெரியவர்களுக்கான விளையாட்டு, சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. ஆனால் சரிபார்ப்பதில் உள்ள எல்லாச் சிக்கல்களும் இந்த ஒன்றிலேயே இருக்கின்றன.

முதலில் பதிப்பு. ஸ்டீமில் இதற்கு இரண்டு பதிப்புகள் உள்ளன. பழையது `Legacy`; 2025 மார்ச்சில் வந்த புதியது `Enhanced`. மேலே கொடுத்த 271590 என்ற எண் பழைய பதிப்புக்கு உரியது. இரண்டுக்கும் தனித்தனி எண், தனித்தனிப் பக்கம், தனித்தனிப் பதிவுகள். ஒன்றுக்கான பதிலை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, விளையாட்டின் எந்தப் பாதி வேண்டும்? இதில் தனியாக விளையாடும் கதை ஒன்று. இணையத்தில் பலரோடு விளையாடும் ஜிடிஏ ஆன்லைன் மற்றொன்று. 2024 செப்டம்பர் வரை இரண்டுமே டெக்கில் ஓடின. அந்த மாதம் ராக்ஸ்டார் நிறுவனம் ஆன்லைன் பகுதிக்கு பேட்டில்ஐ காவலைச் சேர்த்தது. புரோட்டானுக்கான வழியை அது திறக்கவில்லை. அன்று முதல் டெக்கில் இருந்து ஆன்லைன் பகுதிக்குள் நுழைந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கதைப் பகுதியை டெக்கில் தொடர்ந்து விளையாடலாம், ஆன்லைன் பகுதியை விளையாட முடியாது என்று அந்நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் தெரிவித்தது. ஸ்டீமும் அடையாளத்தை `Unsupported` என்று மாற்றியது.

இப்போது மூன்று படிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டீம் அடையாளத்தை மட்டும் பார்த்தவர் "எதுவுமே ஓடாது" என்று நினைத்துக் கதையையும் இழப்பார். பயனர் பதிவுகளின் பாராட்டை மட்டும் படித்தவர் "எல்லாம் ஓடும்" என்று நம்பி வாங்கி, மறுநாள் மச்சான்களோடு ஆன்லைனில் சேர முடியாமல் தவிப்பார். கதை மட்டும் வேண்டும் என்பவருக்கு இது வாங்கத்தக்கது. ஆன்லைனுக்காகவே வாங்குபவருக்கு இது வீண்செலவு. ஒரே விளையாட்டு, ஒரே கருவி, ஆனால் பதில் இரண்டு.

கதை மட்டும் போதும் என்பவரும் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீமில் வாங்கினாலும் ராக்ஸ்டார் நிறுவனத்தின் தனி நுழைவுச் செயலி வழியாகத்தான் உள்ளே போக முடியும். அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். முதல் முறை இணைய இணைப்பும் வேண்டும்.

வாங்கிய பிறகு இரண்டு மணி நேரம்

எவ்வளவு பார்த்து வாங்கினாலும் கடைசிச் சோதனை கருவியில்தான். ஸ்டீமின் விதிப்படி, வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மலிவாக இருக்கிறதே என்று வேறு இணையச் சந்தைகளில் எண் குறியீடாக வாங்கியவற்றுக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது. ஓடுமா என்ற சந்தேகம் உள்ள விளையாட்டை ஸ்டீமிலேயே நேரடியாக வாங்குவது நல்லது.

தோட்டப்புறங்களில் கைப்பேசி இணையத்தை நம்பியிருப்பவர்கள் 14 நாள் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். ஜிடிஏ 5 போன்ற விளையாட்டு 100 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் கேட்கும். மெதுவான இணைப்பில் அதைப் பதிவிறக்கவே பல நாள் ஆகும். அந்த நாள்களும் 14இல் சேரும். பட்டணத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும் வாரத்தில் வாங்குவது புத்திசாலித்தனம்.

முதல் முறை தொடங்கும்போது சில நிமிடங்கள் எதுவும் நடக்காதது போலத் தோன்றலாம். தேவையான துணைக் கோப்புகளை டெக் அப்போது அமைத்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு வரும் அறிகுறிகளை இப்படிப் பிரித்து அறியலாம்.

திரை கறுத்து, மீண்டும் `Play` பொத்தானுக்கே திரும்பி வந்தால், விளையாட்டு தொடக்கத்திலேயே விழுகிறது என்று பொருள். விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் `Properties`, அதனுள் `Compatibility` என்று சென்று, புரோட்டானின் வேறொரு பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். பயனர் பதிவுகளில் எந்தப் பதிப்பு வேலை செய்ததாக எழுதியிருக்கிறார்களோ அதையே முதலில் முயல வேண்டும். கடைப் பக்கத்தில் டெனுவோ என்ற நகல் தடுப்பு குறிப்பிடப்பட்டிருந்தால், பதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்தையும் அது புதிய கணினி என்று எண்ணி, ஒரு நாளுக்கு விளையாட்டையே பூட்டிவிடலாம்.

கதைக் காட்சி வரும் இடத்தில் தொலைக்காட்சியின் பழைய சோதனைப் படம் போல வண்ணப் பட்டைகள் தெரிந்தால், காணொளிக் கோப்பின் வகை புரோட்டானுக்குப் புரியவில்லை. விளையாட்டு மற்றபடி நன்றாக இருக்கும். ஆர்வலர்கள் தயாரிக்கும் `GE-Proton` என்ற பதிப்பு பல வேளைகளில் இதைத் தீர்க்கிறது.

உள்ளே நுழைந்து நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது, ஆன்லைன் அறைக்குள் போனதும் வெளியேற்றப்பட்டால் அது ஏமாற்றுத் தடுப்பு. எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது. குறுக்கு வழி தேடினால் கணக்கே தடை செய்யப்படலாம். தாமதிக்காமல் பணத்தைத் திரும்பக் கேட்பதே வழி.

ஓடுகிறது, ஆனால் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது என்றால் பிரச்சினை மொழிபெயர்ப்பில் இல்லாமல் கருவியின் சக்தியில் இருக்கலாம். வலப்பக்கம் மூன்று புள்ளி உள்ள பொத்தானை அழுத்தி, மின்கலப் படம் உள்ள பகுதியில் `Performance Overlay` என்பதை இயக்கினால், நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று தெரியும். விளையாட்டின் படத் தரத்தைக் குறைத்த பிறகும் அந்த எண் 30ஐத் தொடாவிட்டால், அது டெக்கின் சக்திக்கு மிஞ்சிய விளையாட்டு.

தொழில்நுட்பம் தெரிந்த நண்பரின் உதவியைக் கேட்பதாக இருந்தால், `Properties` பகுதியின் `Launch Options` என்ற இடத்தில் இந்த வரியை எழுதி ஒரு முறை விளையாட்டைத் தொடங்கலாம்:

```
PROTON_LOG=1 %command%
```

`steam-271590.log` என்பது போல விளையாட்டின் எண்ணோடு ஒரு கோப்பு, டெக்கின் வீட்டுக் கோப்புறையில் உருவாகும். எந்த இடத்தில் விளையாட்டு விழுந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோப்பு எழுதப்படும்.

இணையம் இல்லாத இடத்தில்

இரண்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய சோதனை இன்னும் ஒன்று உண்டு. பேருந்திலோ, சமிக்ஞை எட்டாத தோட்டத்து வீட்டிலோ விளையாடத்தான் பலர் டெக்கை வாங்குகிறார்கள். பச்சைக் குறி வாங்கிய விளையாட்டும் இணையம் இல்லாமல் தொடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டில் ஒரு முறை இணையத்தோடு தொடங்கி, கதைக்குள் போய்விட்டு வெளியே வர வேண்டும். பிறகு வைஃபையை அணைத்து மீண்டும் தொடங்க வேண்டும். கணக்குச் சரிபார்ப்புக் கேட்டு வாசலிலேயே நின்றால், அந்த விளையாட்டு வெளியூர்ப் பயணத்துக்கு உதவாது.

லெனோவோவின் லீஜன் கோ எஸ் கருவியிலும் 2025 முதல் ஸ்டீம் ஓஎஸ் வருகிறது. அதற்கும் இதே படிகள் பொருந்தும். திரையும் வேகமும் மட்டும் வேறுபடும். எந்தக் கருவியாக இருந்தாலும், தனியாக விளையாடும் கதை விளையாட்டை ஒரு முறை சரிபார்த்தால் பெரும்பாலும் போதும். ஆன்லைன் விளையாட்டு அப்படியல்ல. அதில் கூடுதல் பொருள்களுக்கோ பருவச் சீட்டுக்கோ பணம் கட்டும் ஒவ்வொரு முறையும், மூன்றாவது படியை மட்டுமாவது திரும்பப் பார்த்துவிட்டுக் கட்ட வேண்டும்.